செல்விக்கு, முதல் நாள் பேச்சு பற்றி

அவிநாசி
புதன்கிழமை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. திங்கட்கிழமை வேலையில் சேரப்போகிறாய் என்று படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அந்தப் புள்ள மறுபடி வேலைக்குப் போறாளா, நல்லதாப் போச்சு" என்றார்கள். இங்கே எல்லோரும் சுகம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டாகிவிட்டதா? உங்கள் வயலில் இந்தத் தடவை நெல்லா, மஞ்சளா? எழுது.

சரி, நீ கேட்ட விஷயம். முதல் நாள் காலை எல்லோரையும் கூட்டி உன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொல்வார்கள் என்று பயந்து, ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறாய். பனியன் கம்பெனியில் ஆள் சேர்க்கும் வேலையில் இத்தனை வருஷம் இருந்து இந்தக் காட்சியை நிறையப் பார்த்தவள் என்பதால் உரிமையோடு சொல்கிறேன், அந்தப் பக்கத்தை மடித்து உள்ளே வைத்துவிடு.

நீ எழுதியது தப்பு என்று சொல்லவில்லை. பிறந்த ஊர், பள்ளிக்கூடம், டெக்ஸ்டைல் படிப்பு, முதல் வகுப்பு, பழைய கம்பெனி, கல்யாணம், குழந்தைகள், இடைவெளி, கடைசியில் நிர்வாகத்துக்கு நன்றி, அனைவரின் ஒத்துழைப்பும் வேண்டும் என்று வரிசையாகப் போகிறது. இது பயோடேட்டா. அது ஏற்கெனவே அவர்கள் ஃபைலில் இருக்கிறது. வாழ்க்கை நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனால், கேட்பவர்களுக்கு வேண்டியது கடைசியில்தான் வரும். அதற்குள் பாதிப் பேர் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இன்னொன்றையும் கவனி. உன் பக்கத்தில் மிக நீளமான வாக்கியம் எது தெரியுமா? வேலையை ஏன் விட்டாய் என்பதற்கான விளக்கம். யாரும் கேட்காத கேள்விக்கு நீ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

அந்த அறையில் யார் யார் இருப்பார்கள் என்று யோசி. மெர்ச்சண்டைசர்கள், புரொடக்‌ஷன் மேனேஜர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் சூப்பர்வைசர். நீ துணியின் தரம் பார்க்க வருகிறாய். டையிங் முடிந்து வரும் ரோலை நீ பாஸ் பண்ணினால்தான் கட்டிங் டேபிளுக்குப் போகும். அப்படியானால் அந்தக் கட்டிங் மாஸ்டர் உன்னைப் பார்த்ததும் என்ன நினைப்பார்? "இந்தம்மா எத்தனை ரோலை நிறுத்தி வைப்பாங்களோ, ஷிப்மெண்ட் தேதிக்கு யார் பதில் சொல்றது" என்றுதான் நினைப்பார். உன் முதல் வகுப்பு அவருக்கு எதற்கு? உன்னை எப்படிக் கூப்பிடுவது, உன் வேலை அவர் வேலையை எங்கே தொடும், உன்னோடு எப்படிப் பழகலாம், இவ்வளவு தெரிந்தால் அவருக்குப் போதும்.

ஆகவே இப்படிச் சொல்லிப் பார். பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன்:

"எல்லாருக்கும் வணக்கமுங்க. என் பேரு செல்வநாயகி. செல்வின்னே கூப்பிடுங்க. ஊரு கோபி. டையிங்ல இருந்து வர்ற துணியை இனி நான் பார்த்துத்தான் கட்டிங்குக்கு விடுவேன். இதே வேலையை முன்னாடி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில பார்த்தேன், நடுவுல குழந்தைகளுக்காகச் சில வருஷம் வீட்ல இருந்தேன். ஒரு ரோலை நிறுத்தினா காரணம் சொல்லிட்டுத்தான் நிறுத்துவேன். அப்புறம், துணியைத் தொட்டாலே ஜிஎஸ்எம் பத்து முன்னப்பின்ன சொல்லிருவேனுங்க. நம்பலைன்னா ஒரு துண்டு கொண்டாங்க. தப்பாப் போனா டீ என் செலவு."

அவ்வளவுதான். நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடம் ஆகாது. நன்றி, ஒத்துழைப்பு எதுவும் வேண்டாம். டீ என்றதும் யாராவது சிரிப்பார்கள், நீ உட்கார்ந்துவிடு.

வேலையை விட்டிருந்த வருஷங்களைப் பழைய வேலையோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லியிருப்பதைப் பார். அதை மறைத்தால் பின்னால் யாராவது துருவுவார்கள். வருத்தக் குரலில் நீட்டினால் அவர்களுக்கும் சந்தேகம் வந்துவிடும். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, உடனே வேலை பற்றிய வாக்கியத்துக்கு வந்துவிடு. கேட்டவர்கள் மனதும் அங்கேயே வந்துவிடும்.

"காரணம் சொல்லிட்டுத்தான் நிறுத்துவேன்" என்பது கட்டிங் மாஸ்டருக்காக. முதலில் "வந்த அன்றைக்கே பார்த்துக் கொடுத்துவிடுவேன்" என்று போடலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அங்கே ஒரு நாளைக்கு எத்தனை ரோல் வரும், துணி பார்க்கும் மெஷின் எத்தனை, உனக்குக் கீழே ஆள் உண்டா, எதுவும் இன்னும் தெரியாது. தெரியாத வேலைக்கு வாக்குக் கொடுத்தால் அந்த வாரமே அது உடையும். காரணம் சொல்வது மட்டும் முழுக்க உன் கையில் இருக்கிறது. ஷேட் மாறியிருக்கிறது, ஓட்டை இருக்கிறது, எடை குறைகிறது என்று ரோலின் மேலேயே ஒரு சீட்டு ஒட்டினால்கூடப் போதும்.

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று தொட்டே சொல்லும் அந்த ஜிஎஸ்எம் பந்தயம்தான் அவர்கள் நினைவில் நிற்கப்போவது. புதிதாக வருகிறவர்கள் பலர் நினைவில் நிற்க வேண்டும் என்று பாட்டு பிடிக்கும், பயணம் பிடிக்கும், சமையல் பிடிக்கும் என்பார்கள். அது எல்லோருக்கும் பிடிக்கும். யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. உன்னுடையது வேலையோடு ஒட்டியது, சோதித்துப் பார்க்கக்கூடியது. அதோடு, அவர்கள் உன் மேசைக்கு நடந்து வருவதற்கு ஒரு சாக்கும் கிடைக்கிறது. மத்தியானத்துக்குள் யாராவது ஒருவர் கையில் துண்டோடு வந்து நிற்பார், பாரேன். நீ விரலுக்கிடையில் வைத்து நூற்றெண்பது என்பாய். வட்டக் கட்டரை எடுத்து வெட்டுவார்கள். அந்த வட்டம் நூறு சதுர சென்டிமீட்டர். தராசில் 1.8 கிராம் காட்டினால் நூறால் பெருக்கி 180. நீ ஜெயித்தாலும் தோற்றாலும் அன்றைக்கே நாலு பேரோடு பேசிப் பழகியாயிற்று.

ஆனால் இது உண்மையாக இருக்க வேண்டும். காலேஜ் லேபில் நீ சொல்லி அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் இத்தனை வருஷம் கழித்துக் கை மறந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டிலேயே சோதித்துக்கொள். பெரியவர்களின் பழைய டீ-ஷர்ட்டுகளை எடுத்துக்கொள். சின்னத் துண்டு வெட்டாதே, அடுப்படித் தராசு அதற்கு ஆகாது. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டில் ஒரு கிராம் பிசகினால் ஜிஎஸ்எம்மில் நூறு பிசகும். ஐம்பதுக்கு ஐம்பது சென்டிமீட்டராக வெட்டி, எடையை நான்கால் பெருக்கு. அப்போது ஒரு கிராம் பிசகினாலும் நாலுதான் மாறும். டீ-ஷர்ட்டுக்கு வரும் சிங்கிள் ஜெர்சி பெரும்பாலும் 140 முதல் 180 வரை என்பது உனக்கே தெரியும், அதற்குள் சொல்வது பெரிய வித்தை இல்லை. தடிமனான ஃப்ளீஸ் துணியையும் தொட்டுப் பார். பத்துக்குள் வரவில்லையென்றால் "இருபது முன்னப்பின்ன" என்று மாற்றிக்கொள். அதுவும் வரவில்லையென்றால் இந்த வரியையே எடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணு, வேறு யோசிப்போம்.

ஊர் பெயரைச் சொன்னதும் நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "கோபியா, கோபியில எங்கெ?" என்று ஆரம்பித்து, கிராமம், குலதெய்வக் கோயில் என்று போய், கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்று தெரியும். கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, பலருக்கு அது பழக்கம். ஆனால் முதல் நாளே அந்தக் கணக்கில் உன்னை யாரும் எழுதிக்கொள்ள இடம் கொடுக்காதே. "கோபி டவுன் பக்கந்தானுங்க. நீங்க தினமும் எங்கிருந்து வர்றீங்க?" என்று திருப்பிவிடு. பஸ், ரோடு, பெருமாநல்லூர் நெரிசல் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

மேனேஜரே முந்திக்கொண்டு "இவங்க செல்வநாயகி, கோபி, துணி குவாலிட்டி பார்ப்பாங்க" என்று சொல்லிவிட்டால் தடுமாறாதே. அவர் சொன்னதை நீ மறுபடி சொல்ல வேண்டாம். வணக்கம் சொல்லி, "செல்வின்னே கூப்பிடுங்க" என்று தொடங்கி, நேராகக் "காரணம் சொல்லிட்டுத்தான்" என்ற இடத்துக்குப் போய்விடு. வணக்கத்துக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு மூச்சு விடு. நாற்காலி இழுக்கும் சத்தத்தில் பெயர் போய்விட்டால் அப்புறம் நீ "புது மேடம்" ஆகிவிடுவாய். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் வந்து "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டால் அப்படி ஆகிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் பேசும்போதும் போனிலும் "செல்வி பேசறேனுங்க" என்றே ஆரம்பி, சரியாகிவிடும்.

பழைய கம்பெனி பெயரை மட்டும் இழுக்காதே. எங்கள் இடத்தில் ஒருவர் முதல் நாளிலேயே "அங்கே நாங்க இப்படித்தான் பண்ணுவோம்" என்று மூன்று தடவை சொன்னார். இன்றைக்கு வரை அவரைப் பழைய கம்பெனிப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள்.

தையல் பகுதிக்கு இந்தப் பேச்சு உதவாது. ஓவர்லாக், பேட்லாக் மெஷின்கள் ஓடும்போது கத்திப் பிரயோஜனமில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகளும் இருப்பார்கள். சூப்பர்வைசரோடு டீ நேரத்தில் போய், பெயரும் வேலையும் மட்டும் சொல். "மேரா நாம் செல்வி ஹை, கப்டா செக் கர்தி ஹூம்" என்று ஒரு வரி பழகிக்கொண்டு போ. உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். துணியில் ஓட்டை வந்தால் முதலில் பார்ப்பது அந்தப் பிள்ளைகள்தான். யாரிடம் காட்டுவது என்று அவர்களுக்கு முகம் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மேல் போன் பண்ணு, ஒரு தடவை சொல்லிக்காட்டு. மனப்பாடம் செய்யாதே, வரிசை மட்டும் நினைவிருந்தால் போதும். உன் மாமியாருக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு அவர்தான் வீட்டில் இருப்பாரா, இல்லை வேறு ஏற்பாடா? அதையும் எழுது. முதல் சம்பளம் வந்த வாரம் அவிநாசிக்கு வா, கோயிலுக்குப் போய்விட்டு அம்மா கையால் சந்தவை சாப்பிடலாம்.

அன்புடன்,
மரகதம்