அமெரிக்க வரலாற்றைத் தமிழில் சொல்லும் காணொலிக்காரர்களுக்கு ஒரு மடல்

நண்பர்களே, முன்னோரில் ஒரு துளி கறுப்பின ரத்தம் இருந்தாலும் ஒருவரைக் கறுப்பினத்தவராகவே கணக்கில் வைத்த 'ஒரு துளி ரத்தம்' விதியைப் பற்றி நீங்கள் போடும் காணொலிகளைப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு சொட்டு ரத்தம் சொட்டுகிறது, பின்னணியில் சோக இசை, ஏதோ ஆய்வகத்தில் பரிசோதித்து ஒருவரின் இனத்தை முடிவுசெய்தது போல. அங்கே ரத்தத்தை யாரும் பார்க்கவே இல்லை, பார்த்தது பழைய பதிவேட்டைத்தான். இதைச் சொல்லாமல் விட்டால் விஷயமே பிடிபடாது.

வர்ஜீனியா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1910 வரை அங்கே நான்கில் ஒரு பங்கு கறுப்பின வம்சாவளி இருந்தால்தான் ஒருவர் 'கலர்டு', அதாவது சட்டத்தின் கண்ணில் வெள்ளையர் அல்லாத கறுப்பினத்தவர். அந்த ஆண்டு அதைப் பதினாறில் ஒரு பங்காக்கினார்கள். 1924-ல் வந்த இனத்தூய்மைச் சட்டம், வேற்று ரத்தத்தின் சுவடே இல்லாதவர்தான் வெள்ளையர் என்றது. கூடவே ஒரு விலக்கு: பூர்வகுடி ரத்தம் மட்டும் பதினாறில் ஒரு பங்கு வரை இருக்கலாம். ஏன் தெரியுமா? அங்கிருந்த பெரிய வீட்டுக்காரர்கள் பலர் போக்கஹாண்டஸ் என்ற பூர்வகுடிப் பெண்ணின் வழிவந்தவர்கள் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள், சட்டம் அவர்களையே வெளியே தள்ளிவிடக் கூடாதே!

இதை நடத்திக் காட்டியவர் வால்டர் பிளெக்கர். மருத்துவர், 1912 முதல் 1946 வரை மாநிலத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்குப் பொறுப்பாளர். வர்ஜீனியாவில் கலப்பில்லாத பூர்வகுடி என்று யாருமே மிச்சமில்லை, அப்படிச் சொல்லிக்கொள்பவர்கள் கறுப்பினத்தவர்தான் என்பது அவர் முடிவு. சட்டம் வந்த அதே ஆண்டு, ராக்பிரிட்ஜ் கவுண்டி என்ற மாவட்டத்தில் வெள்ளையரை மணக்க விரும்பிய ஒரு பெண்ணுக்குத் திருமண உரிமம் மறுக்கப்பட்டு வழக்கு நீதிமன்றம் போனது. முன்னோர்கள் பெயருக்கு எதிரே 'கலர்டு' என்று எழுதியிருந்த பழைய பதிவுகள்தான் அரசுத் தரப்பின் ஆதாரம். பெண்ணின் வழக்கறிஞரோ, அந்தக் காலத்தில் பூர்வகுடிகளையும் அப்படித்தான் எழுதினார்கள் என்று வாதாடினார். உரிமம் கொடுக்கச் சொல்லிவிட்டார் நீதிபதி ஹோல்ட். சுவடே இல்லை என்று யாரால்தான் நிரூபிக்க முடியும்? அரசு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை, போய்த் தோற்றால் சட்டமே ஆட்டம் கண்டுவிடும் என்ற பயம்.

பிளெக்கர் அதற்கெல்லாம் அசரவில்லை. 1943-ல் கவுண்டிவாரியாகக் குடும்பப் பெயர்களைப் பட்டியலிட்டு, இவர்களை வெள்ளையராகவோ பூர்வகுடியாகவோ பதியாதீர்கள் என்று உள்ளூர்ப் பதிவாளர்கள், மருத்துவர்கள், பள்ளி அதிகாரிகள் எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். பழைய பிறப்புச் சான்றிதழ் நகல் கேட்டால், பதிவில் உள்ள இனம் தவறு என்று பின்பக்கத்தில் ஓர் எச்சரிக்கைக் குறிப்போடு வரும். குழந்தை பிறந்தபோது பெற்றோர் என்ன சொன்னார்கள் என்பதற்கு அப்புறம் மதிப்பே இல்லை.

கலப்புத் திருமணத் தடையை 1967-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததோடு உங்கள் காணொலி முடிந்துவிடுகிறது. சரி, ஆனால் காகிதம்? மோனகன், ரப்பஹானக் போன்ற பழங்குடிகள் பின்னாளில் மத்திய அரசின் அங்கீகாரம் கேட்டபோது, இடைவிடாமல் ஒரே இனக்குழுவாக வாழ்ந்ததற்கு ஆவணம் வேண்டும் என்றார்கள். ஆவணத்தில்தான் அவர்கள் பூர்வகுடிகளாகவே இல்லையே. வழக்கமான அலுவலக வழியில் நடக்காமல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச்சட்டம் போட்டு ஆறு பழங்குடிகளை அங்கீகரித்தது 2018-ல்தான்.

அடுத்த காணொலியில் ரத்தச் சொட்டுக்குப் பதிலாக அந்தச் சான்றிதழின் பின்பக்கத்தைக் காட்டுங்களேன்.