அப்பாவோட டெத் கிளெய்ம்ல மாசத்துக்கு ஒரு பேப்பரா கேக்கிறது பத்தி புகார்

கிளெய்ம்ஸ் மேனேஜர் அவர்களுக்கு,

சார், வணக்கம். எங்கப்பா 2025 பிப்ரவரி 11ஆம் தேதி திருச்சில ஒரு தனியார் ஆஸ்பத்திரில மாரடைப்புல இறந்துட்டாரு. எங்க ஊரு மணப்பாறை பக்கம். பாலிசி 2011ல போட்டது, அஞ்சு லட்சம், நாமினி எங்கம்மா. அம்மாவுக்கு ஆபீஸ் ஆபீஸா அலைய முடியாது, அதனால அவங்க சார்பா நான் எழுதுறேன், அவங்க கையெழுத்தும் கீழ இருக்கு.

மார்ச் 3ஆம் தேதி உங்க பிராஞ்ச்ல கிளெய்ம் ஃபார்ம், ஒரிஜினல் பாண்டு, இறப்பு சான்றிதழ், டெத் சம்மரி, அம்மாவோட ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ், கேன்சல் பண்ண செக் எல்லாம் கொடுத்து சீல் வாங்கியிருக்கேன். கவுன்ட்டர்ல இருந்தவங்க ஒவ்வொண்ணா பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொன்னாங்க. அதுக்கப்புறம் மார்ச் கடைசில ஒரு லெட்டர், ஏப்ரல்ல ஒண்ணு, மே மாசம் ஒண்ணு, இப்ப ஜூன் 16 தேதி போட்டு இன்னொண்ணு. நாலுலயும் கேட்டது நாலு வேற வேற விஷயம், அத்தனையும் மொத நாளு கொடுத்த அதே பேப்பர்லயே தெரியிற விஷயம்தான். கேக்க வேண்டியதை எல்லாம் ஒரே தடவைல கேக்கணும், இப்படி பிச்சுப் பிச்சு கேக்கக்கூடாதுன்னு ஐஆர்டிஏஐ விதி சொல்லுது. விசாரணை தேவைப்படுற டெத் கிளெய்முக்கே 45 நாள்தான் டைம்.

முதல் லெட்டர்ல, இறப்பு சான்றிதழ்ல சாவுக்கான காரணம் இல்ல, அதை சேத்து வாங்கிட்டு வாங்கன்னு போட்டிருந்தீங்க. உங்க ஏஜெண்ட் எங்க ஊரு விஏஓகிட்ட போங்கன்னாரு, போனேன். ஆஸ்பத்திரி திருச்சில இருக்கு, இறப்பு எந்த இடத்துல நடந்துச்சோ அங்கதான் பதிவாகும், மாநகராட்சிக்கு போங்கன்னாரு. அங்க போனா சான்றிதழ்ல காரணம் போடவே கூடாது, 1969 பிறப்பு இறப்பு பதிவு சட்டம் 17வது பிரிவுலயே தடுத்திருக்குன்னு சொல்லிட்டாங்க. காரணம் இருக்கிறது டாக்டர் கொடுக்கிற படிவம் 4ல. அந்த காப்பியை ஆஸ்பத்திரில எங்களுக்கு அப்பவே கொடுத்துட்டாங்க, அது வீட்லயே இருந்துச்சு. படிவம் 4 கொடுங்கன்னு நீங்க ஒரு வரி எழுதியிருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பேன். மூணு நாள் லீவு போட்டு, சட்டத்துல கொடுக்கவே முடியாத ஒண்ணுக்காக அலைஞ்சிருக்கேன்.

ரெண்டாவது, பேரு. பாண்டுல அப்பா பேருக்கு முன்னாடி ரெண்டு இனிஷியல், ஒண்ணு ஊரு ஒண்ணு தாத்தா. ஆதார்ல இனிஷியல் இல்லாம அவரு பேருக்குப் பின்னாடி தாத்தா பேரு முழுசா இருக்கு, ஆஸ்பத்திரில ஆதாரைப் பாத்து எழுதினதால இறப்பு சான்றிதழ்லயும் அப்படியே வந்திருக்கு. நீங்க என்ன பண்ணீங்க, சான்றிதழ்ல பேரை பாண்டு மாதிரி மாத்திட்டு வரச் சொன்னீங்க. சார், அது தப்பான வழி. பதிவுல தப்பு இருந்தாதான் பதிவாளர் 15வது பிரிவுல திருத்துவாரு, அதுவும் பழைய பதிவை அழிக்காம ஓரத்துல எழுதி கையெழுத்து தேதி போடுவாரு. இங்க பதிவுல தப்பே இல்ல, ஆதார் படி சரியாத்தான் இருக்கு. அதை மாத்தினா நாளைக்கு பட்டா மாத்துறது, பேங்க் அக்கவுண்ட் முடிக்கிறதுன்னு எல்லா இடத்துலயும் ஆதாரும் சான்றிதழும் ஒத்துப்போகாம நிக்கும், செத்தவரோட ஆதாரை திருத்தவும் வழியில்ல. இதுக்கு சரியான வழி ரெண்டு பேரும் ஒரே நபர்தான்னு காட்டுறது. அதைத்தான் செஞ்சேன். ஸ்டாம்ப் பேப்பர்ல அம்மா பேர்ல நோட்டரி அஃபிடவிட், அதுல ரெண்டு பேரையும் பாலிசி நம்பரையும் எழுதி, கூட தாசில்தார் கொடுத்த சான்றும், ரெண்டு இடத்துலயும் ஒரே பிறந்த தேதி ஒரே விலாசம் இருக்கிறதுக்கு ஆதார் ஜெராக்ஸ், பாண்டு முதல் பக்கமும் வச்சு மே 2ஆம் தேதி கொடுத்தேன். இன்னி வரைக்கும் அதை ஏத்துக்கிட்டீங்களா இல்லையான்னு ஒரு வார்த்தை இல்ல.

மூணாவது வாரிசு சான்று. நாமினி மனைவி, உயிரோட இருக்காங்க, யாரும் ஆட்சேபணை பண்ணல. அப்புறம் எதுக்கு அது? காரணத்தை எழுத்துல கொடுங்க.

நாலாவதுதான் எங்கம்மாவை ரொம்ப அழ வச்சது. டெத் சம்மரில 10 வருஷமா சர்க்கரை நோய்னு இருக்காம், அதை மறைச்சுட்டாராம். பாலிசி இடையில நின்னு போயி 2023 மார்ச்சுல புதுப்பிச்சோம், அப்ப உடல்நல உறுதிமொழில சர்க்கரை இல்லன்னு அப்பா எழுதிக் கொடுத்தாரு. புதுப்பிச்ச தேதில இருந்து மூணு வருஷம் முடியாததால இன்சூரன்ஸ் சட்டம் 45வது பிரிவு படி நீங்க கேள்வி கேக்கலாம், அதை நான் மறுக்கல. ஆனா அந்த 10 தப்பு. அப்பாவுக்கு சர்க்கரைன்னு முதல்ல தெரிஞ்சதே 2024 ஜனவரில, மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வந்து டெஸ்ட் எடுத்தப்பதான்.

லெட்டர் வந்ததும் ஆஸ்பத்திரி மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்ல முழு கேஸ் ஷீட்டுக்கு எழுதிக் கொடுத்தேன், 72 மணி நேரத்துல கொடுக்கணும்னு விதி இருக்கு, ரெண்டாவது நாளே அட்டெஸ்ட் பண்ணி கொடுத்தாங்க. அட்மிஷன் அன்னைக்கு டியூட்டி டாக்டர் கையால எழுதின ஷீட்டுல "1 வருஷம்"னு தெளிவா இருக்கு. டெத் சம்மரி டைப் பண்றப்ப அது 10 ஆயிடுச்சு. பழைய சம்மரியை அடிச்சுத் திருத்த வேண்டாம், அப்படி பண்ணா சந்தேகம்தான் வரும்னு ரெக்கார்ட்ஸ்ல இருந்த அக்காவே சொன்னாங்க. அதனால ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்ல ஐபி நம்பர் போட்டு, எந்த வரில என்ன தப்பு, கேஸ் ஷீட் எந்த பக்கத்துல சரியா இருக்குன்னு எழுதி, பாத்த டாக்டரே பதிவு எண்ணோட கையெழுத்து போட்டு தனியா விளக்கக் கடிதம் கொடுத்திருக்காரு. இதுக்கு உங்க ஆபீஸ்ல போன்ல வந்த பதில், "செத்த பிறகு எழுதி வாங்கினது செல்லாது". டாக்டர் லெட்டர் பின்னாடி வாங்கினதுதான், ஆனா கேஸ் ஷீட் அப்பா உயிரோட இருந்தப்ப எழுதினது, அதுக்கு என்ன பதில்? ஆரம்ப சுகாதார நிலையத்துல போட்ட சுகர் நோட்டுல முதல் பதிவு 2024 ஜனவரி 19. அதையும் இதோட வச்சிருக்கேன். உங்க விசாரணை ஆளு ரெண்டு இடத்துக்கும் போயி பாக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. எங்கப்பா பொய் சொன்னாருன்னு ஒரு டைப்பிங் தப்பை வச்சு எழுதாதீங்க.

நான் கேக்கிறது இதான். இன்னும் ஏதாவது வேணும்னா மொத்தமா ஒரே லெட்டர்ல, எந்த பேப்பர், எதுக்கு, யாருகிட்ட வாங்கணும்னு எழுதுங்க. பேரு விஷயத்துல கொடுத்த அஃபிடவிட்டும் தாசில்தார் சான்றும் ஏத்துக்கிட்டதை எழுத்துல சொல்லுங்க. நிராகரிக்கிறதா இருந்தா எந்த ஆதாரத்தை வச்சுன்னு போட்டு நிராகரிங்க, இழுத்தடிக்காதீங்க. லேட்டான நாளுக்கு பேங்க் ரேட்டுக்கு மேல 2% வட்டியும் சேத்துக் கொடுக்கணும்.

இந்த கடிதம் உங்க குறைதீர்ப்பு அதிகாரிக்கும் போகுது, பீமா பரோசாலயும் பதிவு பண்ணியிருக்கேன். 30 நாள்ல பதில் இல்லைன்னா, இல்ல பதில் சரியில்லைன்னா சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போவோம், இந்த நாலு லெட்டரும் அதுல முதல் இணைப்பா இருக்கும்.

இணைப்பு: படிவம் 4, அஃபிடவிட், தாசில்தார் சான்று, கேஸ் ஷீட், டாக்டர் விளக்கக் கடிதம், சுகர் நோட்டு, உங்க நாலு லெட்டரோட நகல்.

இப்படிக்கு,
நாமினி மற்றும் மகன்
ஜூன் 23, 2025