அந்த தூக்கப் படத்த பின் பண்ண அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அட்மின் மக்களே, கூடவே குரூப்ல சத்தமில்லாம படிச்சுட்டு போற மத்த எல்லாருக்கும்,

முந்தாநாள் ராத்திரி ஒரு படம் வந்துச்சு. ஒரு பை சார்ட், மேல "உங்க தூக்கத்த திருடுறது யாரு?"ன்னு கொட்டை எழுத்துல தலைப்பு, கீழ ஒரு சிவப்பு பட்டை, அதுல "10 பேர்ல 6 பேருக்கு மேல தூக்கம் கெட போன்தான் காரணம், போன விட்டா 64% தூக்கப் பிரச்சனை தீரும்"னு இருந்துச்சு. கால் மணி நேரத்துல அது பின் ஆயிடுச்சு, விடிஞ்சு பார்த்தா "இனிமே ராத்திரி 9 மணிக்கு மேல யாரும் மெசேஜ் போடக்கூடாது, ஆதாரம் மேல இருக்கு"ன்னு ரூலே வந்துருச்சு. ரூல் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, சொல்லப்போனா எனக்கு வசதிதான், ஆனா அந்த "ஆதாரம்"ங்கற வார்த்தை மட்டும் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது.

முதல்ல நான் பண்ணது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, நாலு துண்டுலயும் இருக்கற நம்பர கூட்டினேன், அவ்ளோதான். போன் 64, கவலை 41, காபி 35, சத்தம் 22. மொத்தம் 162 வருது. பை சார்ட்ங்கறது ஒரு முழு வட்டத்த வெட்டிப் பங்கு போட்டு காட்டற படம், அதோட துண்டெல்லாம் சேர்ந்தா 100தான் வரணும், 162க்கு வட்டத்துல எடமே கெடையாது. வரைஞ்சவங்க சாஃப்ட்வேர்ல நாலு நம்பரையும் போட்டுருப்பாங்க, அது பாட்டுக்கு 162ல பங்கு பிரிச்சு வட்டத்த நிரப்பிடுச்சு, அதனாலதான் 64ன்னு எழுதின துண்டு வட்டத்துல பாதியக் கூட தொடல. படத்த திருப்பி ஒருதடவ பாருங்க, 64% துண்டு பாதி வட்டத்த விட சின்னதா இருக்கு, கூட்டத் தெரியலன்னாலும் இத கண்ணாலயே புடிக்கலாம். இது புதுசும் இல்ல, 2009ல அமெரிக்காவுல ஒரு டிவி சேனல்ல அதிபர் தேர்தலுக்கு யார ஆதரிப்பீங்கன்னு மூணு பேருக்கு 70, 63, 60ன்னு பை சார்ட் போட்டு, மொத்தம் 193 வந்து ஊரே சிரிச்சுது.

இந்த எடத்துல ஒருத்தர் "ரவுண்ட் பண்ணதுல முன்ன பின்ன வரும்ப்பா"ன்னு ரிப்ளை போட்டிருந்தார். வரும்தான், ஆனா அதுக்கு ஒரு அளவு இருக்கு. ஒரு நம்பர முழு எண்ணா ஆக்கும்போது அதிகபட்சம் அரை நகரும், நாலு நம்பர்னா எல்லாம் ஒரே பக்கமா நகர்ந்தாலும் ரெண்டுதான். அதாவது 98லேருந்து 102 வரைக்கும் வந்தா நான் வாயே தெறக்க மாட்டேன், மூணு பேர் சமமா பிரிச்சா 33, 33, 33ன்னு 99 வர்றது சகஜம். அதே மாதிரி மொத்தம் 80, 85ன்னு குறைஞ்சு வந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்தவர் ஒரு துண்ட வெட்டிட்டாரோ, இல்ல "மற்றவை"ய தூக்கிட்டாங்களோன்னு பார்க்கணும். 62 கூட வந்தா ரவுண்டிங் மேல பழி போட முடியாது, அங்க வேற கதை இருக்கு.

கதை என்னன்னா, ஒருத்தர் ஒண்ணுக்கு மேல காரணத்த டிக் பண்ணியிருக்காங்க. இத நான் யூகிச்சேன், ஆனா நம்ம குரூப்ல வந்த படத்துல அதுக்கு சாட்சி இல்ல, ஏன்னா கீழ் ஓரம் வெட்டுப்பட்டிருக்கு. சிவப்பு பட்டைக்கு கீழ ஒரு எழுத்தோட தலை மட்டும் அரைகுறையா தெரியும், ஜூம் பண்ணி பாருங்க. அந்த அரை எழுத்து எனக்கு தூக்கத்த கெடுத்துச்சு (போன் இல்ல, அந்த எழுத்து). வேற ஒரு குரூப்ல தேடினா அதே படம் மூணு நாள் முன்னாடி முழுசா வந்திருக்கு, அதுல பொடி எழுத்துல ஒரு வரி: தூக்கம் சரியில்லன்னு சொன்ன 125 பேர்கிட்ட மட்டும் கேட்டது, சர்வேல மொத்தம் 500 பேர், ஒண்ணுக்கு மேல தேர்வு செய்யலாம். யாரு எடுத்த சர்வே, எப்படி ஆள் புடிச்சாங்கன்னு அதுலயும் பேர் ஊர் எதுவும் இல்ல. அதனால நம்பரே உண்மையான்னு நான் சொல்ல வரல, அத்தனையும் உண்மைன்னே வச்சுக்குவோம், அப்பவாவது சிவப்பு பட்டையில இருக்கறது நிக்குதான்னு பார்ப்போம்.

முதல் ஓட்டை "10 பேர்ல 6 பேர்". எந்த 10 பேர்? 125ல 64%னா 80 பேர். அந்த 80 பேரையும் மொத்த 500 பேரோட வச்சு பார்த்தா 16%. படத்த பார்க்கற நம்மாளு என்ன நெனைக்கிறார், நம்ம குரூப்ல 10 பேர எடுத்தா 6 பேருக்கு போனால தூக்கம் போச்சுன்னு நெனைக்கிறார், ஆனா அந்த சர்வே கணக்குப்படி 100 பேர்ல 16 பேர் அப்படி சொல்லியிருக்காங்க. நம்பர் பொய் இல்ல, "யார்ல"ங்கறது மட்டும் தொலைஞ்சு போச்சு, அதுவும் வெட்டுப்பட்ட அந்த ஒரு வரியிலதான் இருந்துச்சு. சதவீதம் பார்த்தா நான் முதல்ல தேடறது அதுக்கு கீழ என்ன நம்பர் இருக்குன்னுதான், அது இல்லன்னா மேல இருக்கறத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

ரெண்டாவது ஓட்டைதான் எனக்கு ரொம்ப புடிச்சது, கொஞ்சம் பொறுமையா கூட வாங்க. சதவீதத்த ஆளா மாத்துவோம். போன் 80 பேர், கவலை 51, காபி 44, சத்தம் 27 (22%க்கு 28 பேரும் பொருந்தும், ரெண்டையும் ரவுண்ட் பண்ணா 22தான், நான் 27ன்னு எடுத்துக்கறேன்). மொத்த டிக் 202, ஆளு 125. எல்லாரும் ஒரு டிக்காவது போட்டிருந்தா, போன டிக் பண்ணாத 45 பேருக்கு ஆளுக்கு ஒண்ணுன்னு 45 டிக் போயிடும், போன் இல்லாத டிக் மொத்தம் 122ல 77 மிச்சம். அந்த 77ம் போன் ஆளுங்க 80 பேர்ல ஆளுக்கு ஒண்ணா விழுந்திருந்தா, "போன் மட்டும்தான் காரணம்"னு சொன்னவங்க வெறும் 3 பேர்.

இப்ப அதே நம்பர வேற மாதிரி அடுக்குங்க. மத்த டிக் எல்லாத்தையும் முடிஞ்ச வரைக்கும் அந்த 45 பேர் தலையிலயே கட்டிடுவோம். காபி 44, சத்தம் 27, ரெண்டும் அவங்களுக்குள்ளயே அடங்கிடும், ஆனா கவலை 51, ஆளு 45தான், அதனால 6 பேராவது போனையும் கவலையையும் சேர்த்தே சொல்லியிருக்கணும், தப்பிக்க வழியே இல்ல. அப்போ "போன் மட்டும்" அதிகபட்சம் 74 பேர்.

ஆக அதே படம், அதே நாலு சதவீதம், போன் மட்டுமே காரணம்னு சொன்னவங்க 3 பேராவும் இருக்கலாம் 74 பேராவும் இருக்கலாம், படத்த வச்சு எதுன்னு சொல்லவே முடியாது. "போன விட்டா 64% தீரும்"னு சொல்லணும்னா போன சொன்ன 80 பேருக்கும் வேற எந்த காரணமும் இருக்கக் கூடாது, அது நடக்க வாய்ப்பே இல்லன்னு அந்த 6 பேர் சொல்லிட்டாங்க. கவலையும் போனும் சேர்ந்து படுத்தறவருக்கு போன புடுங்கினா கவலை எங்கயும் போயிடாது. போன் மட்டும்னு சொன்னவங்களுக்கு அத்தனை பேருக்கும் தீர்ந்துடுச்சுன்னு தாராளமா வச்சாலும் 74 பேர், அதாவது 59%, ரொம்ப கம்மியா போனா 3 பேர், 2% சொச்சம். பட்டையில எழுதினவர் இதெல்லாம் போட்டு பார்க்கல, பெரிய துண்டுல இருந்த நம்பர எடுத்து வாக்கியத்துல ஒட்டிட்டார்.

அப்புறம் ஒரு விஷயம் அந்த படத்துல இல்லவே இல்ல, அதுதான் இருந்திருக்கணும். நல்லா தூங்கறேன்னு சொன்ன மிச்ச 375 பேர். அவங்ககிட்ட படுக்கும்போது போன் பார்ப்பீங்களான்னு யாரும் கேக்கல. அவங்கள்ல 240 பேர் பார்க்கறாங்கன்னு ஒரு பேச்சுக்கு வைங்க, அதுவும் 64%தான், அப்போ போன் பார்க்கறதுல தூங்கறவங்களுக்கும் தூங்காதவங்களுக்கும் வித்தியாசமே இல்லன்னு ஆயிடும். அதுவே 75 பேர்தான் பார்க்கறாங்கன்னா அது 20%, அப்ப ஏதோ இருக்குன்னு நானும் நிமிர்ந்து உக்காருவேன். அப்பவும் எது முன்ன எது பின்னங்கற கேள்வி நிக்கும், போன் பார்த்து தூக்கம் போச்சா, தூக்கம் வராம போன எடுத்தாங்களா. ரெண்டாவது வகையில நானே இருக்கேன். கேட்டதும் "உங்க தூக்கம் ஏன் கெடுது"ன்னு, பதில் அவங்கவங்க நெனப்பு, நெனப்பு தப்புன்னு இல்ல, ஆனா "விட்டா தீரும்"னு எழுத அது பத்தாது. அதுக்கு கொஞ்சம் பேர போன விடச் சொல்லி, கொஞ்சம் பேர அப்படியே விட்டு, யாரு எந்த பக்கம்னு சீட்டு குலுக்கி போட்டு, ரெண்டு பக்கத்தையும் கொஞ்ச நாள் கழிச்சு பார்க்கணும்.

படத்தோட மூலையில "ஒரே வருஷத்துல 25% உயர்வு"ன்னு அம்பு போட்டு வேற இருந்துச்சு, பக்கத்துலயே சின்னதா தூக்கம் கெட்டவங்க 20% → 25%னு. அது 5 சதவீதப் புள்ளி, 20ஓட ஒப்பிட்டா 25% உயர்வு, ரெண்டுமே சரிதான். ஆனா குரூப்ல ஒருத்தர் அத "25% பேருக்கு போனால தூக்கம் போச்சாம்"னு மாத்தி, அதுக்கு ஒம்பது ஹார்ட் வேற விழுந்திருக்கு. தூக்கம் கெட்டவங்க 25%, போன் சொன்னவங்க 16%, உயர்வு 25%, மூணும் வேற வேற.

நான் கேக்கறது கொஞ்சம்தான். பின் பண்ண அந்த வெட்டுப்பட்ட படத்த எடுத்துடுங்க, இல்ல நான் கீழ போட்ட முழுப்படத்த பொடி எழுத்து தெரியற மாதிரி எச்டில போட்டு பின் பண்ணுங்க. ஃபார்வர்ட் பண்ணவர திட்டாதீங்க, அவருக்கும் வெட்டுப்பட்டுதான் வந்திருக்கு, நான் தனியா கேட்டுட்டேன், பாவம் ரெண்டு தடவ சாரி சொன்னார். இனிமே வட்டமும் சதவீதமும் போட்ட படம் வந்தா பின் பண்றதுக்கு முன்னாடி போன்ல இருக்கற கால்குலேட்டர தெறந்து ஒருதடவ கூட்டிடுங்க, அதோட "எத்தன பேர்ல"ன்னு அனுப்பினவர கேட்டுடுங்க.

9 மணி ரூலுக்கு தனியா ஒரு போல் வைங்க. "ராத்திரி நோட்டிபிகேஷன் சத்தம் தொல்லையா இருக்கு"ன்னே காரணம் எழுதுங்க, அதுக்கு எந்த சர்வேயும் வேணாம், நான் ஆமான்னு போடுவேன். இப்ப மணி 8:52, அனுப்பிட்டு ம்யூட் போடறேன், பதில் காலைல.