ஆண்டறிக்கை 2024-25: சொற்பொழிவுச் சாரம் எழுதும் பணி

சபையினர் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பிரதோஷ வழிபாடும் திருவாசக முற்றோதலும் வழக்கம்போல் நடந்தன. சொற்பொழிவுக்கு வர இயலாதவர்களுக்காகப் பதிவைக் கேட்டு ஒரு பக்கச் சாரம் எழுதும் பணியைப் பற்றித்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஆவணி மூலத் திருவிழாவை ஒட்டி நடந்த 'பிட்டுக்கு மண் சுமந்த' சொற்பொழிவை எடுத்துக்கொள்வோம். பதிவு ஒன்றரை மணி நேரம். வைகை பெருகியதில் தொடங்கிப் பிரம்படி வரை கதையை எழுதினால் பக்கம் நிரம்பிவிடும். ஆனால் புட்டுத்தோப்புக்குப் போய்வந்த பிள்ளையே அந்தக் கதையைச் சொல்லும். வராதவர்கள் தவறவிட்டது, பேச்சாளர் அதிலிருந்து எடுத்த கருத்தை.

அதைப் பிடிக்க, முதல் முறை எதையும் எழுதாமல் கேட்க வேண்டும். பேச்சாளர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடங்களின் நிமிடத்தை மட்டும் குறித்தால் போதும். இந்தப் பதிவில் அந்த இடம், வந்தி பேசிய கூலி. உதிர்ந்த பிட்டுதான் கூலி என்பது பேச்சு. அன்று அவித்ததெல்லாம் உதிர்ந்துபோனது. விலைபோகாது என்று நாம் ஒதுக்குவதையே இறைவன் கேட்டு வாங்குகிறான் என்றார் அவர். சாரம் அங்கேதான் தொடங்கியது. கதைக்கு நான்கு வரி போதுமாக இருந்தது. கிளைக்கதைகளில், எதை எடுத்துவிட்டால் கருத்து நிற்காதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். உபயதாரர் நன்றியும் சிரிப்புத் துணுக்கும் வேண்டாம்.

பிறகு பதிவை நிறுத்திவிட்டு, நினைவிலிருந்தே முந்நூறு சொற்களுக்குள் எழுத வேண்டும். ஓடவிட்டுக்கொண்டே எழுதினால் சாரம் வராது, சுருக்கெழுத்துதான் வரும். இரண்டாம் முறை கேட்பது சரிபார்க்க மட்டும். எழுதுகிறவரின் சொந்தக் கருத்து பேச்சாளரின் வாயில் ஏறியிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

பாட்டைக் காதை நம்பி எழுதக்கூடாது. திருவம்மானையில் 'மண்சுமந்து கூலிகொண்டு அக்கோவால் மொத்துண்டு' என்று வருகிறது. ஒலிபெருக்கி இரைச்சலில் அது 'அக்கோலால்' என்று விழும். பிரம்படி நடக்கும் இடம் என்பதால் கோலும் பொருந்திவிடும், யாருக்கும் ஐயம் வராது. மாணிக்கவாசகர் சொல்வதோ 'அந்த அரசனால்' என்று. அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ராகத்தோடு பாடிய இடத்தை எழுத்தில் தர முடியாது. அந்த நிமிடத்தைக் கீழே குறித்து, பதிவைக் கேட்கச் சொல்லிவிடுவதே நல்லது. பேச்சாளரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே வாட்ஸ்அப் குழுவிலும் அறிவிப்புப் பலகையிலும் போடுகிறோம்.

மார்கழித் தொடர் சொற்பொழிவுக்கு, கேட்டு எழுத ஒருவரும் புத்தகத்தோடு ஒப்பிட இன்னொருவரும் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்