‘வேறு யாராலும் இயலாது’: நம் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சிராங்கூன் சாலைப் பக்கம் இருக்கும் நம் சங்கக் கட்டடத்தின் தீ எச்சரிக்கை அமைப்பைச் சீரமைக்கும் வேலையை, விலைக்குறிப்புகள் கோராமல் ஒரே நிறுவனத்திடம் தர முடிவு செய்திருக்கிறீர்கள். அதற்கான காரணத் தாளை உறுப்பினர் என்ற முறையில் கேட்டு வாங்கிப் படித்தேன். 20 ஆண்டுகளுக்கு மேல் உள் கணக்காய்வில் இருந்தவன் நான். உங்கள் முடிவு தவறு என்று சொல்ல வரவில்லை, அதில் பாதி சரி என்றே நினைக்கிறேன். எந்தப் பாதி என்பதுதான் தாளில் தெரியவில்லை.

தாளில் இருப்பது நான்கே வரி: “இந்த அமைப்பைப் பராமரிக்க இந்த நிறுவனத்தால் மட்டுமே இயலும். 11 ஆண்டுகளாக நமக்குத் திருப்திகரமாகச் சேவையாற்றி வருகிறது. விலை நியாயமானது. பணி அவசரமானது.” மொத்தம் 35,720 வெள்ளி.

முதல் வரியை எடுத்துக்கொள்வோம். அந்தத் தொகைக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. 64 புகை உணர்கருவிகளை மாற்றுவதற்கு 13,440 வெள்ளி. 36 மாதப் பராமரிப்புக்கு 13,680. பழைய கம்பிகளை மாற்றி எச்சரிக்கை மணிகளைப் புதுப்பிக்க 8,600. ‘இந்த நிறுவனத்தால் மட்டுமே’ என்ற ஒரே போர்வைக்குள் மூன்றையும் படுக்க வைத்திருக்கிறீர்கள். கணக்காய்வாளர் முதலில் இழுத்துப் பார்ப்பது அந்தப் போர்வையைத்தான்.

உணர்கருவிகளைப் பொறுத்தவரை காரணம் உண்மையானது. நம் கட்டடத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு கருவியையும் அதற்குரிய எண்ணைச் சொல்லி அழைக்கிறது, கருவி பதில் தருகிறது. எந்த அறையில் புகை என்று பெட்டிக்குத் தெரிவது அப்படித்தான். அந்த அழைப்பும் பதிலும் நடக்கும் மொழி பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த மொழி. வேறு நிறுவனத்தின் கருவியைப் பொருத்தினால் பெட்டிக்கு அது இருப்பதே தெரியாது. தாளில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இருக்க வேண்டிய காரணத்தை விட்டுவிட்டு, ‘திருப்திகரமான சேவை’ என்று காரணமல்லாத ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். நன்றாக வேலை செய்பவர் போட்டியிலும் வெல்லலாம். போட்டியே வேண்டாம் என்பதற்கு அது எப்படிக் காரணமாகும்?

அதோடு, குறிப்பிட்ட தயாரிப்பாளரின் கருவிதான் வேண்டும் என்பது ஒன்று, இந்த விற்பனையாளரிடம்தான் வாங்க வேண்டும் என்பது வேறொன்று. சிங்கப்பூரில் அந்தக் கருவியை விற்க இன்னொருவருக்கும் உரிமை இருந்தால் போட்டிக்கு இடம் இருக்கிறது. கோப்பில் ‘நாங்களே ஒரே முகவர்’ என்று ஒரு கடிதம் இருக்கிறது. எழுதியவர் யார் என்று பார்த்தால் அதே விற்பனையாளர்! மாப்பிள்ளையின் குணத்துக்கு மாப்பிள்ளையே சான்று கொடுத்த கதைதான். கடிதம் தயாரிப்பாளரிடமிருந்து வர வேண்டும். எந்த நாட்டுக்கு, எந்தத் தேதி வரை அந்த உரிமை என்பதும் அதில் இருக்க வேண்டும்.

கம்பி மாற்றும் வேலையில் இந்த மொழிச் சிக்கல் எதுவும் இல்லை. தகுதி பெற்ற எந்த ஒப்பந்தக்காரரும் செய்யலாம், மூன்று விலைக்குறிப்புகள் வாங்குங்கள். பராமரிப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மாதாந்தரச் சோதனைக்கு இந்த நிறுவனம் தேவையில்லை. பெட்டியின் நிரலை மாற்ற மட்டும் அதன் கடவுச்சொல் வேண்டும், அது அவர்களிடம் இருக்கிறது. அப்படியானால் நிரல் வேலையை மட்டும் தனியே பிரித்து விலை கேட்க முடியுமா? கேட்டுப் பார்த்து, வந்த பதிலைக் கோப்பில் வையுங்கள்.

இனி ‘அவசரம்’. பெட்டியின் நிகழ்வுப் பதிவைப் பார்த்தேன். முதல் கருவி பழுதானது பிப்ரவரியில், தாள் எழுதப்பட்டது ஆகஸ்ட்டில். ஆறு மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு அவசரம் என்றால் எந்தக் கணக்காய்வாளரும் ஏற்கமாட்டார். சிங்கப்பூர் 1997 முதல் உறுப்பியம் வகிக்கும் உலக வர்த்தக அமைப்பின் அரசாங்கக் கொள்முதல் உடன்பாடு நம் சங்கத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம். போட்டியைத் தவிர்க்க இடம் தரும் அதன் 13ஆம் பிரிவு, முன்கூட்டியே அறிய முடியாத நிகழ்வால் வந்த மிகுந்த அவசரத்தையே ஏற்கிறது. முதலில் வாங்கிய அமைப்போடு பொருந்தாமல் போகும், மாற்றினால் ஒரே செலவைப் பெருமளவில் இரண்டாம் முறை செய்ய நேரும் என்பதையும் அது ஏற்கிறது. நம் உண்மையான காரணம் இந்த இரண்டாவதுதான். எனவே ‘அவசரம்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். பலவீனமான காரணம் பக்கத்தில் நின்றால் வலுவான காரணத்தின் மேலும் சந்தேகம் விழும்.

விலைக்கு வருவோம். போட்டி இல்லாத இடத்தில் ‘நியாயமானது’ என்றால், எதோடு ஒப்பிட்டு? 2019இல் இதே கருவியை 165 வெள்ளிக்கு வாங்கிய விலைச்சீட்டு நம் கோப்பிலேயே இருக்கிறது. இப்போது 210, அதாவது ஏறக்குறைய 27 விழுக்காடு கூடுதல். உயர்வு நியாயமாகவே இருக்கலாம். ஏன் என்று கேட்டீர்களா, குறைக்கச் சொன்னீர்களா, என்ன பதில் வந்தது என்பதை எழுதினால்தான் அது தெரியும். முழு அமைப்பையும் மாற்றினால் என்ன ஆகும் என்ற மதிப்பீடும் ஒன்று வேண்டும். அது இல்லாமல் ‘இரண்டாம் முறை செலவு’ என்பது வெறும் சொல்.

நான் எழுதியிருந்தால் உணர்கருவிப் பகுதியை இப்படி எழுதியிருப்பேன்:

“பழுதடைந்து வரும் 64 உணர்கருவிகளை மாற்ற வேண்டும். இப்போதுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி அதன் தயாரிப்பாளரின் கருவிகளை மட்டுமே அடையாளம் காணும் (தயாரிப்பாளரின் தொழில்நுட்பக் குறிப்பு, இணைப்பு 1). சிங்கப்பூரில் அவற்றை விற்கும் உரிமை இந்த நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு (தயாரிப்பாளரின் கடிதம், இணைப்பு 2). பெட்டியோடு முழு அமைப்பையும் மாற்றுவதற்கான மதிப்பீடு இணைப்பு 3இல் உள்ளது. அதை இப்போது தேர்ந்தெடுக்காததன் காரணமும் அங்கே தரப்பட்டுள்ளது. 2019இன் விலையோடு ஒப்பீடும் பேரம் பேசிய குறிப்பும் இணைப்பு 4. இந்தக் காரணம் கருவிகளுக்கும் நிரல் வேலைக்கும் மட்டுமே பொருந்தும். கம்பி வேலைக்கும் மாதாந்தரச் சோதனைக்கும் விலைக்குறிப்புகள் கோரப்படும்.”

இதில் அழகான சொல் ஒன்றும் இல்லை. நம் சங்கத்தையே அறியாத ஒருவர் ஒவ்வொரு வரியையும் ஓர் இணைப்பில் சரிபார்க்கலாம், அவ்வளவுதான். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இணைப்பு 2 வராமலும் போகலாம். தயாரிப்பாளர் ‘இன்னொரு முகவரும் இருக்கிறார்’ என்று பதில் எழுதினால் அந்த வாக்கியத்தை எழுத முடியாது. அந்த இருவரிடமும் விலை கேட்க வேண்டியதுதான்.

விற்பனையாளருடன் உள்ள உறவு, தொழில் தொடர்பு பற்றிய அறிவிப்புப் படிவத்தில் இரண்டு பெயர்களுக்கு எதிரே எதுவும் எழுதப்படவில்லை. தொடர்பு இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். வெற்றிடத்தை யார் எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம்.

கடைசியாக ஒன்று. புதிய தாளை எழுதும்போது ஆகஸ்ட் தேதியைப் போடாதீர்கள். எழுதும் நாளின் தேதியைப் போட்டு, முதல் தாளில் காரணம் முழுமையாக இல்லாததால் திருத்தி எழுதப்பட்டது என்று குறிப்பிடுங்கள். பழைய தாளும் அதே கோப்பில் இருக்கட்டும். கருவிகளுக்கான முன்பணம் ஏற்கெனவே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். உண்மையானால், எந்த நாளில் எவ்வளவு, யார் ஒப்புதலோடு என்பதும் புதிய தாளில் வர வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முன் தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை எழுத உதவி தேவைப்பட்டால், சனிக்கிழமை மாலைகளில் சங்க நூலகத்தில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் ஒருவர்