ஆடி மாதத்துச் சாவி: உசிலம்பட்டி வட்டாரக் கல்யாண மண்டப உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

ஆடி பிறந்ததும் உங்கள் மண்டபங்களின் கேட்டில் பூட்டு ஏறிவிடுகிறது. புரட்டாசியிலும் மார்கழியிலும் அதே கதைதான். மற்ற மாதங்களிலும் முகூர்த்தம் இல்லாத நாட்களில் காவலாளியும் நாயும் மட்டுமே உள்ளே இருக்கிறார்கள். அந்த நாட்களில் உங்கள் சாப்பாட்டுக் கூடத்தை, படிக்கவும் அலுவலக வேலை பார்க்கவும் எங்களுக்கு வாடகைக்குத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். சும்மா கேட்கவில்லை. சென்ற ஆடியில் உங்களில் ஒருவர் சாவியைக் கொடுத்தார். ஒரு மாதம் நடத்திப் பார்த்தோம். என்ன சரியாக வந்தது, எதில் கையைச் சுட்டுக்கொண்டோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். வேலை இங்கேதான், வீட்டுக் கூடத்தில். பின்னால் மிக்ஸி ஓட, முன்னால் ஆடு கத்த, நடுவில் அமர்ந்து மேலதிகாரிக்குப் பதில் சொல்வேன். என் தங்கை குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். 3 மணி நேரத்தில் 200 கேள்விகள். அந்த 3 மணி நேரம் ஒரே இடத்தில் எழாமல் உட்கார்ந்து பழகுவதற்கே அவளுக்கு இடம் கிடையாது. மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் அருமையான இடம்தான். ஆனால் இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போய், ஆரப்பாளையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் படிக்க வந்த தெம்பில் பாதி தீர்ந்துவிடும். தமிழக நகராட்சிகள் பலவற்றில் அறிவுசார் மையங்கள் கட்டியிருக்கிறார்கள். அவை மாணவர்களுக்கானவை. என்னைப் போல் நாளுக்கு நான்கு முறை அலுவலகத்துடன் பேசியாக வேண்டியவன் அங்கே போய் அமர்ந்தால், எழுந்து போகச் சொல்வது நியாயம்தான்.

சென்ற ஆடியில் சேர்ந்தவர்கள் 24 மாணவர்கள், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் 6 பேர். முதல் நாளே ஒரு தவறு செய்தோம். பெருமையாக இருக்கிறதே என்று மணமேடைக் கூடத்தில் மேசை போட்டோம். உயரமான கூரை, பளபளக்கும் தரை, வெறும் சுவர். ஒருவர் பேனா மூடியைக் கீழே போட்டால் முப்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கூடத்தின் நடுவில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். அந்த ஓசை அடங்குவதற்குள் 'ஒன்று, இரண்டு' என்று நிதானமாக எண்ண முடிந்தால் அது படிக்கிற இடமல்ல, நாதஸ்வரத்துக்கு ஏற்ற இடம். ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள் ஓசை அடங்க வேண்டும்.

மறுநாளே சாப்பாட்டுக் கூடத்துக்கு மாறினோம். கூரை தாழ்வு, ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். எதிரொலி அங்கேயும் இருந்தது. உங்கள் ஸ்டோர் ரூமில் அடுக்கிக் கிடந்த ஜமுக்காளங்களையும் மேடை அலங்காரத் திரைகளையும் எடுத்து, ஜன்னல் இல்லாத இரண்டு சுவர்களிலும் தொங்கவிட்டோம். சுவரோடு ஒட்டிக் கட்டியபோது பெரிய பயன் இல்லை. சுவரிலிருந்து அரை அடி தள்ளிக் கயிறு கட்டி, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்ட பிறகுதான் கைதட்டினால் ஓசை சட்டென்று அமுங்கியது. ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். துணி கூடத்துக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும், தேனி சாலையில் போகிற லாரியின் ஹாரனைத் தடுக்காது. அதற்குச் சாலைப் பக்க ஜன்னலைச் சாத்துவது ஒன்றே வழி.

அடுத்து மேசை. பந்தி மேசை இலை போடுவதற்கென்று செய்தது. எங்கள் கூடத்தில் இருந்ததன் அகலம் ஒன்றே கால் அடிதான். மடிக்கணினியை வைத்தால் நோட்டுக்கு இடமில்லை. இரண்டு மேசைகளின் நீளப் பக்கங்களை ஒட்டிப் போட்டு, ஒரு பக்கம் மட்டும் ஆட்களை அமர்த்தினோம். எதிரெதிரே அமர்ந்தால் படிப்பு நடக்காது, கண்ணும் கண்ணும்தான் பேசும். பந்திக்கு விரிக்கிற காகிதச் சுருளில் மிஞ்சியதைக் காவலாளி எடுத்துக் கொடுத்தார். என் தங்கை அதை மேசை நீளத்துக்கு விரித்து, அதிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மாலையில் சுருட்டி எடுத்துப் போவாள். ஒரு மாதத்தில் இரண்டு சுருள் தீர்ந்தது.

வெளிச்சம் சுவரோரம் உயரத்தில் இருந்த குழல்விளக்குகளிலிருந்து வந்தது. பந்தி பரிமாற அது போதும். புத்தகத்தைக் குனிந்து படித்தால் நம் தலை நிழலே பக்கத்தில் விழுந்தது. புது விளக்கு வாங்கவில்லை. இருந்த 20 வாட் எல்.இ.டி. குழல்களில் பத்தைக் கழற்றி, மேசைக்கு நேர் மேலே நான்கடி உயரத்தில் சங்கிலியில் தொங்கவிட்டோம். அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

பேச்சுதான் பெரிய பிரச்சினை. மின்விசிறி இரைச்சல் யாரையும் தொந்தரவு செய்வதில்லை, சொல்லப்போனால் அது சின்னச் சின்ன ஓசைகளை மூடிவிடுகிறது. ஆனால் பத்தடி தள்ளி ஒருவர் தாழ்ந்த குரலில் பேசினாலும், சொற்கள் புரிந்துவிட்டால் மனம் அதன் பின்னால் போய்விடும். மெதுவாகப் பேசுங்கள் என்று பலகை மாட்டிப் பயனில்லை. பேசுகிறவருக்குக் கதவு வேண்டும். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது: மணமகன் அறை, மணமகள் அறை. மெத்தையும் தலையணையும் கிடக்கிற அறையில் எதிரொலியும் குறைவு. மணமகன் அறையை நான்கு பேருக்கும், மணமகள் அறையை வேலை பார்க்கும் பெண்கள் இருவருக்கும் ஒதுக்கினோம். சாப்பாட்டுக் கூடத்தில் போனை எடுத்துப் பேசினால் அன்று முழுவதும் வெளியே என்பது சட்டம். முதல் வாரத்தில் அந்தத் தண்டனைக்கு ஆளானவன் நான்தான்.

மின்சாரத்தில் நாங்கள் கற்றது உங்களுக்கும் பயன்படும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் போனது. மண்டபத்தில் பெரிய ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோம். காவலாளி அதை உசுப்பி எடுப்பதற்குள் இணைய ரூட்டர் அணைந்துவிட்டது. கரண்ட் வந்த பிறகும் அது மறுபடி உயிர் பெற மூன்று நிமிடம். அதற்குள் ஆறு பேரின் அழைப்பும் அறுந்தது. அதுபோக, சீரியல் விளக்குக்கும் ஏ.சி.க்கும் என்று வாங்கிய இயந்திரத்தை பத்து விளக்குக்காக ஓட்டுவது டீசலைச் சாலையில் ஊற்றுவதற்குச் சமம். சுமை குறைவாகவே நெடுநேரம் ஓடினால், சரியாக எரியாத டீசல் புகைக்குழாயில் பிசுபிசுவென்று படிந்து இயந்திரமும் கெடும். உங்கள் மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கள்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மடிக்கணினிக்குச் சொந்தமாகவே மூன்று மணி நேரம் தாங்கும் பாட்டரி இருக்கிறது. பகலில் ஜன்னலோர மேசைகளுக்கு விளக்கு வேண்டாம். ஆக, கரண்ட் இல்லாதபோது கட்டாயம் ஓட வேண்டியவை மின்விசிறியும் ரூட்டரும்தான். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை மின்விசிறி 30 வாட். எட்டு விசிறிக்கு 240, ரூட்டர்களுக்கு 30, மொத்தம் 270 வாட். 150 ஆம்பியர் மணி பாட்டரி இரண்டு போட்ட இன்வெர்ட்டர், பாட்டரியை முழுக்க வற்றவிடாமல் ஓட்டினாலும், ஏறத்தாழ 2,500 வாட் மணி தரும். பராமரிப்பு நாளின் பகல் முழுக்க இதுவே தாங்கும். பழைய 75 வாட் விசிறிகளோடு ஓட்டினால் நான்கு மணி நேரத்தில் படுத்துவிடும். எனவே பாட்டரியைப் பெரிதாக்குவதற்கு முன் விசிறியை மாற்றுங்கள். இணையத்துக்கு ஒரே நிறுவனத்தின் இரண்டு இணைப்பு வாங்காதீர்கள். குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போது இரண்டும் சேர்ந்தே அறுபடும். வெவ்வேறு நிறுவனம், முடிந்தால் வெவ்வேறு தெருக் கம்பத்திலிருந்து வருவதாகப் பாருங்கள்.

இனி உங்களுக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். மாணவருக்கு மாதம் 400 ரூபாய், வேலை பார்ப்பவருக்கு 2,000 ரூபாய் வாங்கினோம். மொத்த வரவு 21,600. கூடுதலாக ஆன மின்கட்டணம் 3,400, இரண்டு இணைய இணைப்பு 1,700, கூட்டிப் பெருக்கிக் கழிப்பறை கழுவிய அக்காவுக்கு 4,500, குடிநீர் கேன் 1,500, மாலை வரை பொறுப்பாக இருந்த ஒருவருக்கு 6,000. உரிமையாளர் கைக்குப் போனது 4,500. ஒரு முகூர்த்த நாள் வாடகைக்குப் பக்கத்தில்கூட வராத தொகை என்று எனக்கும் தெரியும். இன்வெர்ட்டரும் புது விசிறிகளும் வாங்கினால் அந்தச் செலவு மீள எத்தனையோ ஆடி ஆகும். ஆனால் நீங்கள் வைத்துப் பார்க்க வேண்டியது முகூர்த்த வாடகையோடு அல்ல, பூட்டிய மண்டபத்தின் வருமானத்தோடு. காவலாளி சம்பளத்தை அந்த மாதமும் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? எங்களால் உங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. மாதக்கணக்கில் தண்ணீர் ஓடாத கழிப்பறைக் குழாய்கள் ஆவணி முதல் முகூர்த்தத்தன்று அடைத்துக்கொள்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சென்ற ஆவணியில் அந்த மண்டபத்தில் அப்படி நடக்கவில்லை.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆவணி பிறந்ததும் எங்களை வெளியேற்ற வேண்டும். ஒரு மண்டபத்தில் விசேஷம் என்றால் பக்கத்து மண்டபத்துக்கு மாறிக்கொள்ளலாமே என்று முதலில் நினைத்தோம். நடக்கவில்லை. முகூர்த்தம் எல்லாருக்கும் ஒரே நாள். ஊரில் இருக்கிற அத்தனை மண்டபமும் அன்று நிறைந்துதான் இருக்கும். முந்தின நாள் மதியமே சமையல் ஆட்கள் வந்துவிடுவதால் ஒரு முகூர்த்தத்துக்கு எங்களுக்கு இரண்டு நாள் போகும். நம் ஊரில் காதணி விழாக்களும் உண்டு, அவற்றில் பல ஞாயிற்றுக்கிழமையில் வருகின்றன. மாணவர்கள் இதைச் சமாளித்துக்கொள்வார்கள். அந்த நாட்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் வீட்டில் திருப்புதல் வைத்துக்கொள்ளலாம். அதற்கு பஞ்சாங்கம் கையில் இருக்கிறது, சித்திரையிலேயே ஆண்டு முழுவதற்கும் அட்டவணை போட்டுவிடலாம். எனக்கும் மற்ற ஐவருக்கும் அது போதாது. அலுவலகத்தில் போய் 'இன்று வளர்பிறை முகூர்த்தம்' என்று விடுப்பு கேட்க முடியாது. ஆகவே வேலை பார்ப்பவர்களுக்கு மண்டபம் பாதித் தீர்வுதான். உங்களில் யாரிடமாவது சாலைப் பக்கமாகத் தனிப் படிக்கட்டு வைத்த மாடி அறை இருந்தால் அதை மட்டும் ஆண்டு வாடகைக்குத் தாருங்கள். மேளச் சத்தத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம் முடிந்து பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்த மறுநாள், உங்களில் இரண்டு பேர் சாப்பாட்டுக் கூடத்தையும் இரண்டு அறைகளையும் காலை 8 முதல் இரவு 8 வரை திறந்துவிடுங்கள். எட்டுக்கு மேல் வேண்டாம், கிராமத்துப் பெண் பிள்ளைகள் பஸ் பிடிக்க வேண்டும். முதல் மாத வாடகையை முன்பணமாகத் தருகிறோம். விசிறிக்கான செலவில் பாதி எங்களுடையது. திரைகளையும் ஜமுக்காளங்களையும் வெயிலில் உலர்த்தி, எண்ணி, ஆடி கடைசி நாளன்று ஸ்டோர் ரூமில் அடுக்கிவைத்துவிட்டுப் போவோம். சென்ற முறை ஒரு ஜமுக்காளம் குறைந்தது. அதற்குரிய பணத்தைக் காவலாளி அண்ணனிடம் கொடுத்திருக்கிறோம், வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மணமகன் அறையில் ஒரு மாதம் குடியிருந்த பிரம்மச்சாரி
உசிலம்பட்டி