விதை நிதி வந்திருக்கிறது, நன்றி சொல்ல வேண்டியவர்கள் இவர்கள்

தோல் பதனிடும் டேனரிகளில் உப்புத் தண்ணீரைத் தனியாகப் பிரிக்கும் கருவி செய்கிற எங்கள் கம்பெனிக்கு 40 லட்சம் ரூபாய் விதை நிதி கிடைத்திருக்கிறது. பாதிப் பணம் இப்போது, மீதிப் பணம் கருவியைப் பத்து டேனரிகள் காசு கொடுத்து வாங்கிய பிறகு. பதிலுக்கு கம்பெனியில் 12 சதவீதம் கொடுத்திருக்கிறோம். நாலு பேர் சம்பளத்துக்கும் கொஞ்சம் உதிரிபாகத்துக்கும் ஒன்றரை வருஷம் தாங்கும், அவ்வளவுதான். கோடீஸ்வரன் ஆகிவிட்டாயா என்று கேட்கும் உறவினர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

பணம் வந்த அன்று வீட்டில், "வந்துடுச்சா?" என்றார்கள். வந்தது, ஆனால் தொடக்கூடாது. தனிக் கணக்கில் கிடக்கும் பணத்தை, பங்கு ஒதுக்கி, அதைக் கம்பெனி பதிவாளருக்குத் தெரிவிக்கும் PAS-3 படிவம் தாக்கல் செய்யும் வரை எடுக்கக் கூடாது என்று ஆடிட்டர் அக்கா முன்பே சொல்லியிருந்தார். அவர் சொல்லாவிட்டால் அன்றே சம்பள பாக்கியைக் கொடுத்து மாட்டியிருப்பேன். அக்காவுக்கு முதல் நன்றி.

அடுத்த நன்றி ராணிப்பேட்டை டேனரி ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கும் பாய்க்கு. தோலை ஊறவைத்த தண்ணீரில் உப்பு அதிகம். அதைத் தனியாகப் பிரித்து ஆவியாக்கும் பாத்திக்கு அனுப்ப வேண்டும், பொது லைனில் கலந்தால் சாதாரண சுத்திகரிப்பில் அந்த உப்பு போகாது. உப்பு கூடினால் தண்ணீரில் மின்சாரம் அதிகம் கடக்கும். அது எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து வால்வைத் திருப்புவதுதான் எங்கள் கருவி. முதல் மாதம் அருமையாக ஓடியது. பிறகு அளவு நாளுக்கு நாள் குறைந்தது. "பரவாயில்லையே, உப்பு குறையுதே" என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்! உப்பு குறையவில்லை, தண்ணீரில் முங்கி அளக்கும் உலோக முனையில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்திருந்தது. கருவி உப்புத் தண்ணீரையே லேசான தண்ணீர் என்று நம்பி பொது லைனில் விட்டுக்கொண்டிருந்தது.

கண்டுபிடித்தவர் பாய்தான். "தம்பி, தெரிஞ்ச தண்ணியில முக்கிப் பாருங்க" என்றார். 25 டிகிரியில் 12.88 மில்லிசீமென்ஸ் காட்ட வேண்டிய பொட்டாசியம் குளோரைடு கரைசலில் முக்கினோம். 9 காட்டியது. ஆசிட்டில் கழுவினால் சரியாகும் என்று போனோம், அசையவே இல்லை. கொழுப்பு மேலே இருக்கும்போது ஆசிட் சுண்ணாம்பைத் தொடாது. முதலில் வெந்நீரும் சோப்பும், பிறகுதான் லேசான ஆசிட் என்று ஒரு பழைய பல் பிரஷை வைத்து அவரே தேய்த்துக் காட்டினார். அந்த பிரஷ் இன்னும் எங்கள் டூல் பாக்ஸில் இருக்கிறது.

உதிரிபாகத்துக்கு ஒதுக்கியதில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது. தண்ணீரில் உலோகம் படாமல், கம்பிச் சுருள் வைத்து அளக்கும் சென்சாருக்கு மாறுகிறோம். விலை பல மடங்கு. படிவு அதிலும் ஒட்டும், ஆனால் அளவு இவ்வளவு சீக்கிரம் கெடாது.

காட்பாடியில் மாடி அறையை வாடகை கேட்காமல் கொடுத்த மாமாவுக்கும், ஆசிட் வாசனையைப் பொறுத்துக்கொண்ட கீழ்வீட்டாருக்கும் நன்றி.

முதலில் வாங்கிய ஆறு டேனரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பழைய முனைகளை மாற்றித் தருகிறோம், காசு வேண்டாம். தை முடிவதற்குள் நாங்களே வருகிறோம்.